பிளஸ் ஒன் விலங்கியல், விலங்குலகம்: 72 ஸ்லைடுக்கு ஒரு பக்கத் திருப்புதல் தாள்

மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் மாணவர்களுக்கு. அடைப்பில் உள்ளவை ஸ்லைடு எண்கள். ஒரு வரி புரியவில்லை என்றால் அந்த ஸ்லைடை மட்டும் திறந்து பாருங்கள், முழுப் பாடத்தையும் மறுபடி ஓட்ட வேண்டாம். கணுக்காலி வகுப்புகளின் நீண்ட பட்டியலை (38–45) இந்தத் தாளில் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அதை மனப்பாடம் செய்யும் நேரத்தில் அடுத்த பத்தியை இரண்டு முறை எழுதிப் பாருங்கள்.

முதலில் ஐந்து கேள்விகள் (1–14)

எந்த விலங்கு வந்தாலும் இதே வரிசையில் கேளுங்கள். உடல் அமைப்பு எந்த நிலை: செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம்? சமச்சீர் உண்டா, உண்டென்றால் ஆரமா, இருபக்கமா? கருவில் ஈரடுக்கா, மூவடுக்கா? உடற்குழி இல்லையா, போலியா, உண்மையா? இரத்த ஓட்டம் திறந்ததா, மூடியதா? ஐந்துக்கும் விடை கிடைத்தால் தொகுதி கிட்டத்தட்ட கையில் வந்துவிடும்.

உடற்குழியில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது. குடலுக்கும் உடற்சுவருக்கும் இடையே வெற்றிடம் இருந்தாலே அது உண்மை உடற்குழி ஆகிவிடாது. அந்த இடத்தைச் சுற்றிலும் நடுப்படை உறை இருக்க வேண்டும். தட்டைப்புழுவில் அந்த இடமே இல்லை. உருளைப்புழுவில் இடம் உண்டு, ஆனால் நடுப்படை முழு உறையாக அமையாமல் ஆங்காங்கே பைகளாகச் சிதறிக் கிடக்கும், அதனால் போலி. வளைதசைப்புழு முதல் மேலே எல்லாம் உண்மை.

கடற்பஞ்சு (15–18). செல் நிலை. பெரும்பாலும் சமச்சீர் அற்றது. நீர் ஆஸ்டியா வழியே உள்ளே, ஸ்பாஞ்சோசீல், பின் ஆஸ்குலம் வழியே வெளியே. நீரை ஓட்டுவது கோயனோசைட் செல்கள். நுழைவுத் துளை பல, வெளியேறும் வாய் பெரியது. படத்தில் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டால் மதிப்பெண் இல்லை.

குழியுடலிகள் (19–25). திசு நிலை, ஈரடுக்கு, ஆரச் சமச்சீர். இரு படைகளுக்கும் நடுவே மீசோகிளியா. வாய் ஒன்றே, கழிவும் அதன் வழியே. கரையில் ஒதுங்கும் சொறியைத் தொட்டால் கை எரிவது நிடோபிளாஸ்ட் செல்களுக்குள் இருக்கும் நெமட்டோசிஸ்ட்டால். செத்த சொறியிலும் அவை வெடிக்கும்.

பாலிப் ஒட்டி வாழும், குழாய் வடிவம். மெடுசா நீந்தும், குடை வடிவம். ஒபீலியாவில் பாலிப் பாலிலா முறையில் மெடுசாவைத் தரும், மெடுசா பாலினப் பெருக்கத்தில் பாலிப்பைத் தரும்: இதுவே தலைமுறை மாற்றம். ஹைட்ராவிலும் கடல் சாமந்தியிலும் பவளத்திலும் பாலிப் மட்டுமே. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறை, இந்தச் சின்னப் பாலிப்கள் சுரந்த கால்சியம் கார்பனேட். அவற்றின் திசுவுக்குள் வாழும் ஜூசாந்தெல்லே பாசிகள் உணவில் பெரும்பங்கைத் தருகின்றன. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுக்கும். வெளுத்தது உடனே செத்ததாகாது. சூடு நீடித்தால் பட்டினியில் சாகும்.

டினோஃபோரா: கடலில் மட்டும், 8 சீப்புத் தட்டு வரிசைகள், நிடோபிளாஸ்ட் இல்லை.

புழுக்கள் (26–33). தட்டைப்புழு: மூவடுக்கு, இருபக்கச் சமச்சீர், கழிவுக்குச் சுடர் செல். உருளைப்புழு: வாயும் மலத்துளையும் தனித்தனி, ஆண் பெண் தனி, ஆண் சிறியது. வளைதசைப்புழு: உடல் கண்டங்கள், நெஃப்ரீடியா. மண்புழுவும் அட்டையும் இருபால் உயிரி, நீரிஸில் ஆண் பெண் தனி. இந்த விதிவிலக்கு அடிக்கடி வரும்.

கணுக்காலிகள் (34–45). மிகப் பெரிய தொகுதி. கைட்டின் ஓடு வளராது, அதனால் தோலுரித்தல். உரித்த நண்டின் ஓடு சில நாள் மெத்தென்று இருக்கும். இரத்த ஓட்டம் திறந்தது. பூச்சிக்கு மால்பிஜியன் குழல், நண்டு இறாலுக்குப் பச்சைச் சுரப்பி. இரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.

மெல்லுடலிகள் (46–50). மேண்டில், தசைப் பாதம், ராடுலா. சிப்பிக்கு ராடுலா கிடையாது, நீரை வடித்து உண்ணும். முத்தை உண்டாக்குவது மேண்டில் சுரக்கும் பொருள். இரத்த ஓட்டம் திறந்தது. கணவாய் இனத்தில் மட்டும் மூடியது. கணவாய்க்கு ஓடு உடலுக்குள்ளே, பேய்க்கணவாய்க்கு ஓடே இல்லை. சங்கு வயிற்றுக்காலி.

முட்தோலிகள் (51–56). ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இதைவிட நல்ல தொகுதி இல்லை, நன்றாக நின்று படியுங்கள். எல்லாம் கடல்வாழ். லார்வா இருபக்கச் சமச்சீர், முதிர்ந்தபின் ஐந்து ஆரம். சுண்ணாம்புத் தகடுகளால் ஆன அகச்சட்டகம். தனிக் கழிவுநீக்க மண்டலம் இல்லை. நட்சத்திர மீனில் வாய் கீழ்ப்புறம், மலத்துளை மேற்புறம்.

நீர்க்குழல் மண்டலத்தின் வழி: மேட்ரிபோரைட், கற்குழல், வளையக் குழல், ஆரக்குழல், பக்கக் குழல், குழாய்க்கால். குழாய்க்காலின் மேல் ஆம்புல்லா என்ற பை சுருங்கும். நீர் கீழே தள்ளப்பட்டுக் கால் நீளும். வேலை: இடப்பெயர்ச்சி, உணவு பிடித்தல், சுவாசம். படம் வரையும்போது கற்குழலை ஆரக்குழலோடு நேராக இணைப்பதே வழக்கமான பிழை. நடுவில் வளையக் குழல் வேண்டும்.

கடல் அட்டை முட்தோலி, வளைதசைப்புழு அல்ல. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, பிடிக்கக்கூடாது.

அரைநாணிகள் (57–58). பலனோகிளாசஸ்: புரோபோசிஸ், கழுத்துப்பட்டை, உடல். ஸ்டோமோகார்டு உண்மையான முதுகுநாண் அல்ல, அதனால் தனித் தொகுதி. டார்னேரியா லார்வா. குருசடைத் தீவின் பெயர் விலங்கியலில் நிலைத்ததில் இதற்குப் பங்குண்டு.

முதுகுநாணிகள் (59–72). நான்கு அடையாளம்: முதுகுநாண், முதுகுப்புறக் குழல் வடிவ நரம்பு, தொண்டைச் செவுள் பிளவுகள், மலத்துளைக்குப் பின் வால். இதயம் வயிற்றுப்புறம். வால்நாணிகளில் முதுகுநாண் லார்வாவின் வாலில் மட்டும், தலைநாணிகளில் தலை முதல் வால் வரை, வாழ்நாள் முழுதும்.

சுறா, திருக்கை: குருத்தெலும்பு, வாய் அடிப்புறம், செவுள் மூடி இல்லை, காற்றுப்பை இல்லை. பெரும்பாலான சுறாக்கள் நீந்தாவிட்டால் மூழ்கும். சாளை, கடல் குதிரை: எலும்பு, செவுள் மூடி உண்டு, காற்றுப்பை உண்டு. கடல் குதிரையும் மீன்தான். ஆணின் பையில் குஞ்சு வளரும்.

இதய அறைகள்: மீன் 2, தவளை 3, ஆமை பாம்பு 3, முதலை 4, பறவை 4, பாலூட்டி 4. ஆவுளியா பாலூட்டி: நுரையீரல், பால் சுரப்பி, நான்கு அறை இதயம். கடற்புல் தின்பதால் மீன் ஆகிவிடாது.

தாளைக் கவிழ்த்துப் பதில் சொல்லுங்கள்

திறந்த இரத்த ஓட்டம் உள்ள தொகுதிகளும் அதில் விதிவிலக்கும்? ஈரடுக்கு உயிரிகள் இரண்டு தொகுதி? ஆரச் சமச்சீர் உள்ள மூவடுக்குத் தொகுதி? நான்கு அறை இதயமுள்ள ஊர்வன? நாலில் ஒன்று தவறினாலும் அந்தப் பத்தியை மட்டும் திரும்பப் படித்து, நீர்க்குழல் மண்டலத்தை ஒருமுறை பார்க்காமல் வரையுங்கள்.