விலை ஆட்டமும் மேலோங்கு உத்தியும்: நுண்பொருளியல் வகுப்புக் குறிப்பு

மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் ஆளுக்கொரு நவீன அரிசி ஆலை இருப்பதாகவும், தஞ்சாவூர் சந்தைக்கு 25 கிலோ பொன்னி அரிசிச் சிப்பத்தை இவ்விரு ஆலைகள் மட்டுமே அனுப்புவதாகவும் கொள்வோம். ஒவ்வோர் ஆலையும் மற்றதன் முடிவை அறியாமலே, ரூ.1,500 அல்லது ரூ.1,350 என்று விலையை அறிவிக்க வேண்டும். மாத இலாபம் இலட்சம் ரூபாயில்:

| மன்னார்குடி ↓ கும்பகோணம் → | ரூ.1,500 | ரூ.1,350 |
|---|---|---|
| ரூ.1,500 | 6, 6 | 1, 8 |
| ரூ.1,350 | 8, 1 | 3, 3 |

கட்டத்தில் முதலில் உள்ள எண் நிரையில் நிற்கும் மன்னார்குடிக்கும், இரண்டாவது எண் நிரலில் நிற்கும் கும்பகோணத்துக்கும் உரியது. இந்த வரிசை பிசகினால் பிறகு செய்வதெல்லாம் பிசகும் என்பதால், தேர்வுத் தாளிலும் இதை முதல் வரியாக எழுதிவிடுங்கள்.

இனி, வலப்பக்க நிரலை ஒரு தாளால் மறையுங்கள். கும்பகோணம் ரூ.1,500-இல் நிற்கிறது, மன்னார்குடிக்குக் கிடைக்கக்கூடியவை 6, 8. எட்டின் கீழ் கோடிடுங்கள். தாளை இடப்பக்கத்துக்கு நகர்த்தினால் எஞ்சுபவை 1, 3. மூன்றின் கீழ் கோடிடுங்கள். இரண்டு கோடுகளும் ஒரே நிரையில் விழுந்துவிட்டன. எதிராளி எதைத் தேர்ந்தாலும் தனக்கு மற்றதைவிடக் கூடுதல் பலன் தரும் இத்தகைய உத்தியே மேலோங்கு உத்தி. தாளைக் கிடையாக வைத்து, இரண்டாவது எண்களை மட்டும் ஒப்பிட்டால், கும்பகோணத்துக்கும் ரூ.1,350-தான் மேலோங்கு உத்தி என்பது தெரியும்.

மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். (6, 6) என்ற கட்டத்தையும் (3, 3) என்ற கட்டத்தையும் நேரடியாக ஒப்பிட்டு, 'ஆறுதானே பெரிது, ஆகவே ரூ.1,500' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் மூலைவிட்டமாக நகர்வது எந்த ஆலையின் கையிலும் இல்லை, ஏனெனில் மன்னார்குடியால் நிரையை மட்டுமே மாற்ற முடியும், நிரலை மாற்றுவது கும்பகோணத்தின் உரிமை. இருவருக்கும் ஆறு கிடைக்கும் வழி கண்முன் இருந்தும் இருவரும் மூன்றில் போய் நிற்பதை, 1950-இல் ஆல்பர்ட் டக்கர் இரு கைதிகளின் கதையாகச் சொன்னார். 'கைதிகளின் இக்கட்டு' என்ற பெயர் அதிலிருந்து வந்ததே.

மேலோங்கு உத்தி எல்லா ஆட்டத்திலும் இருவருக்கும் இருக்கும் என்று கருத வேண்டாம். கும்பகோணம் ஆலைக்கு அரவைத் திறன் போதாமல், தான் மட்டும் விலையைக் குறைத்தாலும் வரும் வாடிக்கையாளர் அனைவருக்கும் அரிசி தர முடியவில்லை என்று வையுங்கள். வலப்பக்க மேல்கட்டம் (2, 5) ஆகிறது. இப்போது கும்பகோணம், எதிராளி ரூ.1,500-இல் நின்றால் ஆறுக்காக ரூ.1,500-ஐயும், ரூ.1,350-இல் நின்றால் மூன்றுக்காக ரூ.1,350-ஐயும் விரும்பும்; அதற்கு மேலோங்கு உத்தி கிடையாது. மன்னார்குடிக்கோ 6-ஐவிட 8, 2-ஐவிட 3 பெரிது என்பதால் ரூ.1,350 மேலோங்கியே நிற்கிறது. அதை முன்கூட்டியே கணிக்கும் கும்பகோணம் கீழ்நிரையை மட்டும் பார்த்து, ஒன்றை விட்டு மூன்றைத் தேர்கிறது. முடிவு மறுபடியும் (3, 3).