மேன்முறையீடு முடியும்வரை வரி அறவீட்டை நிப்பாட்டி வைக்கச் சொல்லி

வணக்கம் சேர்,

சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில பலசரக்குக் கடை வச்சிருக்கிறன். நேற்று வங்கிக்குப் போன இடத்திலதான் தெரியும், 2021/2022 வரியாண்டுக்கு 8,64,000 ரூபாவையும் அதுக்கு மேல தண்டத்தையும் வட்டியையும் என்ர கணக்கிலயிருந்து எடுக்கச் சொல்லி உங்கட பிரிவிலயிருந்து கடிதம் வந்திருக்கு எண்டு. அந்த மதிப்பீட்டுக்கு எதிரா நான் மே மாதமே வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போட்டிட்டன் சேர், அதோட கட்டவேண்டிய 10 சதவீதம் 86,400 ரூபாவையும் கட்டியாச்சு, பற்றுச்சீட்டும் ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட கடிதமும் இதோட அனுப்பியிருக்கிறன். விசாரணைக்கு இன்னும் திகதி வரேல்லை.

பிரச்சினை முழுக்க, மதிப்பீட்டில என்ர வருமானமெண்டு சேர்த்த 74 லட்சத்திலதான். அது யாவாரக் காசே இல்லை, கனடாவில இருக்கிற அண்ணா கொக்குவிலில வீடு கட்டச் சொல்லி 2021இல நாலு தரமா அனுப்பினது. தனிக் கணக்கு திறக்காம கடைக் கணக்கிலயே போட்டது என்ர பிழை, ஒத்துக்கொள்ளுறன், ஆனா வெளிநாட்டுக் காசு எண்டு வங்கிக் கூற்றிலயே கிடக்கு, மேசனுக்கும் ஹாட்வெயாருக்கும் அதே கணக்கிலயிருந்துதான் செக் போயிருக்கு, ஒவ்வொரு செக்குக்கும் பில் இருக்கு. மீளாய்வில இந்தப் பில்லுகளைப் பார்க்கேல்லை எண்டதுதான் என்ர மேன்முறையீடே. என்ர சொந்த வருமானம் 36 லட்சத்துக்கு வரி எப்பவோ கட்டியாச்சு, அதில ஒரு சதமும் மிச்சமில்லை.

இப்ப காசை எடுத்தா, பிறகு நான் வெண்டாலும் கடை இருக்காது சேர். அந்தக் கணக்கில 11 லட்சம்தான் இருக்கு, அதில 6 லட்சம் கொழும்பு மொத்த யாவாரிக்குக் குடுத்த செக், வெள்ளிக்கிழமை வருது. அது திரும்பினா இனிக் கடனுக்கு ஒருத்தரும் சாமான் தராயினம். நாலு பெடியள் வேலை செய்யினம், சம்பளமும் இதிலயிருந்துதான். நான் தோத்தா அரசாங்கத்துக்கு ஒரு நட்டமும் வராது, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், கடையும் காணியும் என்ர பேரில, நான் எங்கையும் ஓடப்போறதில்லை.

அதால ஆணைக்குழு முடிவு வரும்வரைக்கும் அறவீட்டை நிப்பாட்டி, வங்கிக்குக் குடுத்த அறிவித்தலை மீளப் பெற்றுத் தாங்கோ. முழுசா ஏலாதெண்டா முதல் விசாரணை நாள்வரையாவது விடுங்கோ, அதுவரைக்கும் மாதம் 25,000 படி கட்டுறன், முடிவு எனக்குச் சாதகமா வந்தா அதைத் திருப்பித் தந்தாச் சரி. உறுதி வேணுமெண்டா கடைக் காணி உறுதியின்ர பிரதியோட வந்து கையெழுத்து வைக்கிறன். எந்தத் தவணைக்கும் வராம விட்டனெண்டா அடுத்த நாளே நீங்கள் அறவீட்டைத் தொடங்கலாம், அதையும் எழுதித் தாறன்.

வெள்ளிக்கிழமை விடிய வங்கி திறக்க முதல் உங்கட கடிதம் அங்க போகவேணும் சேர். நாளைக்குக் காலமை எட்டரைக்கு முழுப் பில் கட்டோடையும் உங்கட கந்தோர் வாசலில நிப்பன், ஒரு பத்து நிமிசம் தாங்கோ.

இப்படிக்கு,
சுன்னாகம் பலசரக்குக் கடை உரிமையாளர்