ஓணக்கோடி தள்ளுபடி: ரீலுக்கும் ஸ்டோரிக்கும் கடையின் குறிப்பு

தங்கச்சிக்கு,

போன்ல பேசினதையெல்லாம் எழுத்துல போட்டுத் தர்றேன். பிறகு "அக்கா அப்படிச் சொல்லலையே"ன்னு நீங்களும், "தங்கச்சி இதைச் சொன்னாளே"ன்னு நானும் நிக்க வேண்டாம் பாருங்க.

வேலை இவ்வளவுதான்: ஒரு ரீல், ரெண்டு ஸ்டோரி. ரீல் 60 வினாடிக்குள்ள. ஆகஸ்ட் 11 சாயங்காலம் ரீல் போடணும். ஸ்டோரி 15ஆம் தேதி ஒண்ணு, 22ஆம் தேதி ஒண்ணு. தள்ளுபடி ஆகஸ்ட் 10 முதல் 24 வரை, களியக்காவிளை கடையில மட்டும். மார்த்தாண்டம் கிளையில இல்லை. இதை வாயால ஒரு தடவை சொல்லிடுங்க, அங்க போய் ஏமாந்து நிக்கிறவங்க நம்மளத்தான் திட்டுவாங்க.

சம்பளம் 12,000 ரூபாய், கூட ஒரு செட்டு முண்டு. பாதிப் பணம் படம் பிடிக்கிற அன்னைக்கு, மீதி ரீல் போட்ட மூணு நாளைக்குள்ள. திருவோணம் முடியிற வரைக்கும் வேற ஜவுளிக்கடைக்கு விளம்பரம் பண்ண வேண்டாம். நகை, பாத்திரம், ஹோட்டல் எல்லாம் உங்க இஷ்டம்.

எதுக்குத் தள்ளுபடி, எதுக்கு இல்லை

இங்கதான் ரொம்பக் கவனம் வேணும். விசைத்தறி செட்டு முண்டு 1,200 ரூபாய் போட்டது 900க்கு, அதாவது 25 சதவீதம் குறைவு. இதெல்லாம் ஈரோட்டுச் சரக்கு. பாலராமபுரம் கைத்தறி தனி அலமாரியில இருக்கு, 2,800ல இருந்து ஆரம்பம். அதுக்கு 10 சதவீதம்தான் குறைவு, நெய்றவங்க கூலியைப் பிடிச்சுத் தள்ளுபடி கொடுக்க எங்களுக்கு மனசில்லை.

ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டுங்க, ஆனா கலந்து பேசாதீங்க. 900 ரூபாய் முண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு "பாலராமபுரம் ஸ்டைல்"னு சொன்னாக்கூட பாக்குறவங்களுக்குக் கைத்தறின்னுதான் பதியும். பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு இருக்கு, அந்தப் பேரை இன்னொரு துணிக்கு ஒட்டக் கூடாது. கைத்தறி அலமாரியில ஒரு முண்டை எடுத்து, மூலையில தச்சிருக்கிற கைத்தறி முத்திரையை மூணு வினாடி கிட்டத்துல காட்டினா ஆயிரம் வார்த்தை மிச்சம்.

"கசவு கருக்காது"ன்னு சொல்லாதீங்க. கசவு நாள்பட நிறம் மங்கத்தான் செய்யும். "ஜில்லாவிலேயே விலை குறைவு" வேண்டாம், நாம யாரும் ஜில்லா முழுக்க விலை கேட்டுப் பாக்கலை. 3,000 ரூபாய்க்கு மேல வாங்குறவங்களுக்குப் பாயசத்துக்கான பாலடைப் பொட்டலம் ஒண்ணு உண்டு. மொத்தம் 400 பொட்டலம்தான் இருக்கு, அதையும் சேத்துச் சொல்லுங்க. வெட்டித் தச்ச பிளவுஸ் திருப்பி எடுக்க மாட்டோம்.

விளம்பரம்னு சொல்றது

போன வருஷம் இன்னொருத்தர் நம்ம கடைக்கு ரீல் போட்டார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், கண்ணுல பட்டுச்சு"ன்னு ஆரம்பிச்சார். பத்தாவது கமெண்டே "எவ்வளவு கிடைச்சுது அண்ணாச்சி?"ன்னுதான். அவருக்கும் அசிங்கம், கடைக்கும் அசிங்கம். தப்பு எங்க மேலயும்தான், எழுதிக் கொடுக்கலை. அதனால இந்தத் தடவை வார்த்தையோட தர்றேன். இதுல மட்டும் உங்க சொந்த ஸ்டைல் வேண்டாம், அப்படியே போடுங்க.

ரீலோட முதல் அஞ்சு வினாடிக்குள்ள வாயால:
"மக்களே, இது விளம்பரம். இந்தக் கடை எனக்குப் பணமும் ஒரு செட்டு முண்டும் தந்திருக்கு. உடுத்திப் பாத்து என்ன தோணுச்சோ அதைச் சொல்றேன்."

திரையில, முதல்ல இருந்து கடைசி வரைக்கும்:
"விளம்பரம் – கடை பணம் கொடுத்தது"

கேப்ஷன்ல முதல் வரி:
"இது விளம்பரம். கடையிடமிருந்து பணமும் துணியும் வாங்கியிருக்கிறேன்."

ரெண்டு ஸ்டோரியிலும் படத்து மேல:
"விளம்பரம்: பணம் வாங்கிச் செய்தது"

யாராவது கமெண்ட்ல கேட்டா:
"ஆமா, பணம் வாங்கித்தான் செஞ்சிருக்கேன். வீடியோவிலேயே சொல்லியிருக்கேன் பாருங்க."

இன்ஸ்டாகிராம்ல `Paid partnership` லேபிளையும் ஆன் பண்ணுங்க. அது மட்டும் போதாது, மேல சொன்னதும் வேணும். விளம்பரத் தர மன்றத்தோட 2021 வழிகாட்டுதல்படி 15 வினாடி முதல் 2 நிமிஷம் வரையான வீடியோவுல மூணுல ஒரு பங்கு நேரம் லேபிள் தெரிஞ்சா போதும். நாம முழுக்கப் போடுறோம், கணக்குப் பாக்குற வேலை மிச்சம். வெள்ளை முண்டு மேல வெள்ளை எழுத்து போட்டுடாதீங்க. கீழ ஓரத்துலயும் வேண்டாம், அங்க கேப்ஷன் வந்து மறைக்கும்.

"அன்போட கொடுத்தாங்க", "கடைக்கு நன்றி", `#collab` மாதிரி பூசி மெழுகுறது எதுவும் வேண்டாம். பதினஞ்சு ஹேஷ்டேகுக்கு நடுவுல `#ad` ஒளிச்சு வைக்கிறதும் வேண்டாம். பேசுற மொழியிலேயே சொல்லணும்ங்கிறதும் விதிதான். பாறசாலைப் பக்கத்து ஆளுங்களுக்காக மலையாளத்துல ரெண்டு வரி பேசினா, அதுலயும் "இது பரஸ்யமாணு"ன்னு ஒரு தடவை சொல்லிடுங்க.

பயமுறுத்த எழுதலை, தெரிஞ்சிருக்கட்டும்னுதான்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரை. அது கடைக்கு மட்டுமில்லை, பேசுற ஆளுக்கும் சேத்துத்தான்.

படம் பிடிக்கிறது

ஆகஸ்ட் 5, காலை பத்து மணிக்கு வாங்க, கூட்டம் பதினொண்ணுக்கு மேலதான். மாடிப்படி ஜன்னல் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கும். கவுண்டர்ல நம்ம பெரியவர் முண்டை மடிப்புப் பிரிச்சு ஒரு உதறு உதறுவார், கசவுக் கரை மேஜை மேல தட்டுற சத்தம் கேக்கும். அதுக்கு மேல பாட்டுப் போட்டு மூடிடாதீங்க. முண்டும் நேரியதும் ரெண்டு துண்டு, செட் சாரி ஒரே துண்டு. சின்னப் பிள்ளைங்களுக்கு இது தெரியலை, உடுத்திக் காட்டுறப்ப விளக்கினா நல்லா ஓடும்.

உங்களுக்குத் தர்ற முண்டை அதுக்கு முன்னாடியே அனுப்பிடுறேன். ஒரு தடவை துவைச்சு உடுத்திட்டு வாங்க. சாயமோ கரையோ பிடிக்கலைன்னா அதையும் ரீல்ல சொல்லலாம், நாங்க வெட்டச் சொல்ல மாட்டோம். தேதி, விலை, விளம்பர வரி, இந்த மூணைத்தான் நாங்க திருத்துவோம். அதுக்கு 8ஆம் தேதி ராத்திரிக்குள்ள வீடியோவை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, மறுநாள் மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லிடுறேன்.

இன்னொண்ணு. ஓணத்தைப் "பக்கத்து ஊர் பண்டிகை" மாதிரிப் பேசாதீங்க. நம்ம ஜில்லாவுக்கே ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுறாங்க. உங்க அம்மச்சி வீட்டுல அத்தப்பூ போட்ட கதை அன்னைக்கு சொன்னீங்களே, அதுல இருந்து ஆரம்பிங்க. ஆனா விளம்பர வரி அதுக்கு முன்னாடி வரணும், கதை முடிஞ்சு இல்லை.

ரீலை எங்க பக்கத்துலயும் 30 நாள் போட்டுக்குவோம், அங்கயும் விளம்பர வரி அப்படியே இருக்கும். ஓணம் முடிஞ்சாலும் லேபிளை எடுத்துடாதீங்க. 24ஆம் தேதி ராத்திரி கேப்ஷன்ல ரெண்டாவது வரியா "தள்ளுபடி முடிஞ்சாச்சு"ன்னு சேத்தா போதும்.

இதுல எது ஒத்துவரலைன்னாலும் 3ஆம் தேதிக்குள்ள சொல்லுங்க. முண்டுக்கு எந்தக் கரை வேணும்னும் எழுதுங்க. புளியிலைக்கரையில மூணுதான் மிச்சம், ஒண்ணை உங்களுக்குன்னு எடுத்து வைக்கணும்.

அக்கா
களியக்காவிளை கடையிலிருந்து