நூறு நாள் ஆச்சு, சோடா ஊத்துங்க! 🥳

மதுரை ஆபீஸ் மூணாவது மாடி கூட்டணி, இனிப்புப் பானம் இல்லாம இன்னிக்கு சதம் அடிச்சாச்சு!

படத்துல டம்ளர் பக்கத்துல இருக்கிறது ரெண்டரை கிலோ சர்க்கரை. 250 மில்லி கோலாவுல கிட்டத்தட்ட 26 கிராம். ஆளுக்குத் தினம் ஒண்ணுன்னா நூறு நாளைக்கு 2.6 கிலோ. மீதி நூறு கிராம் எங்கேன்னு கேக்காதீங்க, மதியம் கேசரி கிண்டியாச்சு. கேசரியைக் குடிக்க முடியாதுல்ல!

டம்ளர்ல என்னன்னு கேட்டவங்களுக்கு: உப்பு எலுமிச்சை சோடா. அரை மூடி எலுமிச்சை, ரெண்டு சிட்டிகை உப்பு, கால் ஸ்பூன் வறுத்த சீரகப் பொடி. முதல்ல இதை ரெண்டு ஸ்பூன் தண்ணியில கரைச்சிடணும். அப்புறம் டம்ளரைச் சாய்ச்சு, நல்லா ஜில்லுன்னு இருக்கிற 250 மில்லி சோடாவை ஓரமா ஊத்தணும். சோடா மேல உப்பைப் போட்டா போச்சு: உப்புத் துகளைப் பிடிச்சுக்கிட்டு கேஸ் மொத்தமும் ஒரே நேரத்துல கிளம்பும், பாதி மேஜைக்கு, மீதி சப்புன்னு நமக்கு. கொட்டையை எடுத்துடுங்க, ஊறினா கசக்கும். டானிக் வாட்டரை சோடான்னு நம்பி வாங்காதீங்க, அதுல சர்க்கரை உண்டு.

வாசனைக்கு ஏங்குற நாளுக்கு நன்னாரி. கடை சர்பத் பாட்டில் இல்லை, அது பாகு. நாட்டு மருந்துக் கடையில வேரா வாங்கி, 10 கிராம் கழுவி, தட்டி, நடுவுல இருக்கிற கட்டைக் குச்சியை எறிஞ்சிட்டு, தோலை மட்டும் ஒரு லிட்டர் பானைத் தண்ணியில ராத்திரி ஊற விடணும். கொதிக்க வெச்சா வாசனை ஆவியோட போயிடும்.

தினமும் கோலா குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா ரெண்டாம் நாள் தலை வலிக்கலாம். அது சர்க்கரை ஏக்கம்னு நினைச்சுக்குவோம். பெரும்பாலும் கஃபீன் வேலை. டீ, காபி வழக்கமா குடிக்கிறவங்களுக்கு அவ்வளவா தெரியாது. மத்தவங்களுக்குச் சாயங்காலம் அரை டம்ளர் டீ போதும். ஆனா கோலா போன சோகத்துல ஒரு நாளைக்கு மூணு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன்னு போனா 30 கிராம் ஆயிடும், பாட்டிலே தேவலை 😄

ஜிகர்தண்டா கேஸ் இன்னும் நிலுவையில இருக்கு. ஸ்பூன் போட்டுத் தர்றாங்க, அதனால அது சாப்பாடுன்னு ஒரு தரப்பு. தீர்ப்பு வர்ற வரைக்கும் விளக்குத்தூண் பக்கம் யாரும் தனியா போகக்கூடாது.

நாளைக்கு 101. ஒரு லிட்டர் தயிருக்கு மூணு லிட்டர் தண்ணி, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு பேன்ட்ரியில மோர்ப் பானை. நாலு மணிக்கு. டம்ளர் அவங்கவங்க கொண்டு வரணும்!

#நூறாவதுநாள் #உப்புசோடா #மூணாவதுமாடிகூட்டணி #ஜிகர்தண்டாவழக்கு