ஜப்பான் முதியோர் இல்ல வேலைக்குப் போகிறவர்களுக்கு: சொற்றொடர் அட்டைகளும் பயிற்சி உரையாடல்களும்

ஒசாகா பக்கம் முதியோர் இல்லங்களுக்கு, தொகுதெய் கினோ விசாவில் பராமரிப்பு வேலைக்குக் கிளம்பும் நம் குழுவுக்கான அட்டைகள் இவை. என்4 பாஸ் செய்தாகிவிட்டது, பராமரிப்பு ஜப்பானியத் தேர்வும் முடிந்தது, சரி. ஆனால் தேர்வில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், அங்கே காலை ஏழு மணிக்கு ஒரு வயதானவரின் கட்டிலருகே நின்று வாயைத் திறந்து பேச வேண்டும். அதனால் இவற்றை வாய்விட்டுப் படியுங்கள், இரண்டு பேராக உட்கார்ந்து.

படிக்கும் முறை: க, த, ப மூன்றும் சில இடங்களில் மெல்லிய ஒலி, அதாவது 'தம்பி'யில் வரும் பி, 'பந்து'வில் வரும் து, 'தங்கம்' என்பதில் வரும் க. மற்ற இடங்களில் அவை சொல்லின் நடுவில் வந்தாலும் வல்லோசைதான். ச எப்போதும் 'அச்சம்' என்பதில் உள்ள ச. மெல்லிய ஒலியா வல்லோசையா என்பதில்தான் நம் ஆட்கள் சறுக்குவார்கள், ஏனென்றால் நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. வல்லோசைத் த-வில் தொடங்கும் தென்கி என்றால் வானிலை, மெல்லிய த-வில் தொடங்கும் தென்கி என்றால் மின்விளக்கு. "விளக்கை அணைக்கிறேன்" என்பதற்கு வானிலையை அணைத்துவிடாதீர்கள். மற்றபடி நமக்கு நல்ல வசதி உண்டு: குறில் நெடில், ஒற்றை இரட்டை மெய் எல்லாம் அங்கேயும் உண்டு, வினைச்சொல்லும் நம்மைப் போலவே கடைசியில்தான் வரும். ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

அட்டை 1: புரியாதபோது

ஸுமிமஸென், மோ இசிதொ ஒனெகை ஷிமஸ் – மன்னிக்கணும், இன்னொரு தடவை சொல்லுங்கள்.
யுக்குரி ஹனஷிதெ குதஸை – மெதுவாகப் பேசுங்கள்.
ஜூஜி தெஸ் நெ – பத்து மணிதானே?
ககுனின் ஷிதெ கிமஸ் – சரிபார்த்துவிட்டு வருகிறேன்.

முதல் அட்டையாக வணக்கத்தை வைக்காமல் இதை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே "ஹை" என்பது பெரும்பாலும் நம் "ம்ம்" போல, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும்தான். "வகரிமஷித" என்று சொன்னால்தான் புரிந்தது என்று அர்த்தம். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் வேலை உங்கள் தலையில். பாதி புரிந்து "வகரிமஷித" சொல்வதைவிடப் பத்துத் தடவை "மோ இசிதொ" கேட்பது மேல், யாரும் கோபப்பட மாட்டார்கள் என்று சொல்லவில்லை, சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். மூன்றாவது வரிதான் கெட்டிக்காரத்தனமான வழி: கேட்ட எண்ணையோ பெயரையோ திருப்பிச் சொல்லி, பின்னால் "தெஸ் நெ" போட்டால் போதும், தப்பாக இருந்தால் அவர்களே திருத்துவார்கள்.

அட்டை 2: தொடுவதற்கு முன்

ஷிட்ஸுரே ஷிமஸ் – உள்ளே வரலாமா, தொடப்போகிறேன், இரண்டுக்கும்.
ஒகரத ஒ ஒகொஷிமஸ் நெ – உங்களை எழுப்பி உட்கார வைக்கிறேன்.
மிகி ஒ முகிமஷோ க – வலது பக்கம் திரும்பிக்கொள்வோமா?
இதை தொகொரொ வ அரிமஸென் க – எங்கேயாவது வலிக்கிறதா?
புரேகி ஒ ககெமஸ் – பிரேக் போடுகிறேன். (சக்கர நாற்காலியில், ஒவ்வொரு முறையும்)
குருமைஸு நி உட்ஸுரிமஷோ – சக்கர நாற்காலிக்கு மாறுவோம்.
ஸே நொ – ஒண்ணு, ரெண்டு மாதிரி. இந்தச் சொல்லோடு இருவரும் சேர்ந்து எழுவது.
ஒதெஅரை நி இகிமஷோ க – கழிவறைக்குப் போகலாமா?
தென்கி ஒ கெஷிமஸ் நெ – விளக்கை அணைக்கிறேன்.

இப்படிச் சொல்லிச் சொல்லிச் செய்வதற்கு அங்கே கொஎககெ என்று பெயர். பேசாமல் கைவைத்தால், நீங்கள் எவ்வளவு மென்மையாகத் தூக்கினாலும், கண் சரியாகத் தெரியாத ஒருவருக்கு அது திடுக்கிடல்தான். உடம்பு விறைத்துக்கொள்ளும், உங்கள் இடுப்பும் போகும்.

அப்புறம் கூப்பிடும் முறை. நமக்குப் பாட்டி, தாத்தா என்பதுதான் அன்பும் மரியாதையும். அங்கே இல்லத்தில் இருப்பவரைக் குடும்பப் பெயரோடு "ஸன்" சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். தனக ஸன், ஸுஜுகி ஸன். ஒபாஸன் என்று வாய் வரை வரும், விழுங்கிவிடுங்கள்.

உரையாடல் 1: காலை, தனக ஸன் அறை

தனக ஸனுக்குப் பக்கவாதத்தால் வலது கை, கால் வராது. செல்வி வேலையில் சேர்ந்து ஒரு மாதம்.

செல்வி: தனக ஸன், ஒஹயோ கொஜைமஸ். ஷிட்ஸுரே ஷிமஸ். (காலை வணக்கம். உள்ளே வருகிறேன்.)
தனக: அர, ஒஹயோ. (அட, வாம்மா.)
செல்வி: யொகு நெமுரெமஷித க. (நல்லா தூங்கினீங்களா?)
தனக: ஊன், கொஷி க சொத்தொ நெ... (ம்ம், இடுப்பு கொஞ்சம்...)
செல்வி: கொஷி தெஸ் நெ. இட்ஸு கர தெஸ் க. (இடுப்பா? எப்பலேர்ந்து?)
தனக: யூபெ கர. (நேத்து ராத்திரிலேர்ந்து.)
செல்வி: வகரிமஷித. கன்கொஷி ஸன் நி ட்ஸுதஎமஸ் நெ. (சரி. நர்ஸிடம் சொல்கிறேன்.) ஒகிகஎ ஷிமஷோ க. (உடை மாற்றிக்கொள்வோமா?)
தனக: ஒனெகை நெ. (செய்துவிடும்மா.)
செல்வி: ஹிதரி நொ தெ கர நுகிமஷோ. (இடது கையிலிருந்து கழற்றுவோம்.) ...ஹை. மிகி நொ தெ கர தோஷிமஸ் நெ. இதை தொகொரொ வ அரிமஸென் க. (வலது கையை முதலில் நுழைக்கிறேன். வலிக்கிறதா?)
தனக: தைஜோபு, தைஜோபு. (பரவாயில்லை, பரவாயில்லை.)

கழற்றும்போது நல்ல கை முதலில், போடும்போது வராத கை முதலில். சக்கன் தக்கென் என்று இதற்கு ஒரு சூத்திரமே உண்டு, தேர்வுக்கும் படித்திருப்பீர்கள், இப்போது அதை வாய்ப்பேச்சோடு சேர்த்துப் பழகுங்கள். தனக ஸனின் அந்த "சொத்தொ நெ"யைக் கவனித்தீர்களா? வாக்கியத்தை முடிக்காமல் இழுத்துவிட்டார். அந்தத் தலைமுறை வலிக்கிறது என்று முழுதாகச் சொல்லாது, இழுவையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். "தைஜோபு" அதைவிட மோசம். தேநீர் வேண்டுமா என்று கேட்டு அந்தப் பதில் வந்தால் வேண்டாம் என்றே பொருள். உடம்பைக் கேட்டு அது வந்தால் முகத்தைப் பாருங்கள், சொல்லை நம்பாதீர்கள்.

ஒசாகா பக்கம் என்பதால் இன்னும் இரண்டு: ஷின்தொஇ என்றால் உடம்பு முடியவில்லை, அசதி. அகன் என்றால் கூடாது, முடியாது. பாடப்புத்தகத்தில் இல்லை, அங்கே தினமும் காதில் விழும்.

உரையாடல் 2: நர்ஸ் ஸதோ ஸனிடம் தகவல் சொல்வது

செல்வி: ஸதோ ஸன், இம யொரொஷீ தெஸ் க. (இப்போ பேசலாமா?)
ஸதோ: ஹை, தோஜொ. (சொல்லுங்க.)
செல்வி: தனக ஸன் நொ தைஒன் வ ஸன்ஜூ நன தொ நி பு தெஸ். கெட்ஸுஅட்ஸு வ உஎ க ஹ்யகு யொன்ஜூ நி, ஷித க ஹசிஜூ ஹசி தெஸ். (காய்ச்சல் அளவு 37.2. ரத்த அழுத்தம் மேலே 142, கீழே 88.)
ஸதோ: ஹை. (ம்ம்.)
செல்வி: யூபெ கர கொஷி க இதை ஸோ தெஸ். (நேத்து ராத்திரிலேர்ந்து இடுப்பு வலிக்குதாம்.)
ஸதோ: அஸகொஹன் வ தபெமஷித க. (காலைச் சாப்பாடு சாப்பிட்டாங்களா?)
செல்வி: ஹன்புன் தபெமஷித. (பாதி சாப்பிட்டாங்க.)
ஸதோ: வகரிமஷித. கிரொகு மொ ஒனெகை நெ. (சரி. பதிவிலும் எழுதிடுங்க.)

வெப்பநிலையில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணோடு "பு" சேர்ப்பதைப் பாருங்கள். வலி தனக ஸனுடையது, நீங்கள் அனுபவித்தது இல்லை, அதனால் "ஸோ தெஸ்". நம் "வலிக்குதாம்" என்பதில் வரும் ஆம்தான் அது, அப்படியே எடுத்துப் போடலாம். சாப்பாட்டைப் பதிவில் எழுதும்போது பத்தில் எத்தனை பங்கு என்று கேட்பார்கள், பாதி என்றால் கொ வரி.

உரையாடல் 3: கீழே விழுந்துவிட்டால்

இதை நன்றாக மனப்பாடம் செய்யுங்கள். அந்த நேரத்தில் தாய்மொழியே வராது.

செல்வி: ஸுஜுகி ஸன், உகொகனைதெ குதஸை! தரெக கிதெ குதஸை! (அசையாதீங்க! யாராவது வாங்க!)
யமத: தோ ஷிமஷித க. (என்ன ஆச்சு?)
செல்வி: ஸுஜுகி ஸன் க கொரொபிமஷித. தொஇரெ நொ மஎ தெஸ். (ஸுஜுகி ஸன் விழுந்துட்டார். கழிவறை வாசலில்.)
யமத: அதம ஒ உசிமஷித க. (தலையில் அடியா?)
செல்வி: மிதெ இமஸென் தெஷித. ஒதொ க ஷிமஷித. ரொகுஜி ஜுப்புன் கொரொ தெஸ். (நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது. ஆறு பத்து இருக்கும்.)

பதறிப்போய்த் தூக்கி நிறுத்தக் கூடாது, எலும்பு முறிந்திருக்கலாம். "மிதெ இமஸென் தெஷித" என்பதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். பார்க்காததைப் பார்த்தது போல ஊகித்துச் சொன்னால் நர்ஸ் தப்பான இடத்தில் தேடுவார். பிறகு ஜிகொ ஹோகொகுஷொ என்ற விபத்து அறிக்கை எழுதச் சொல்வார்கள். விழப்போய்த் தப்பித்திருந்தால் ஹியரி ஹத்தொ என்ற இன்னொரு தாள். நம் ஊரில் எழுதிக்கொடு என்றால் தண்டனைக்கு முன்னோட்டம், அங்கே அடுத்த ஆள் விழாமல் இருக்க.

அட்டை 3: உங்களுக்காக

ஒஸகி நி ஷிட்ஸுரே ஷிமஸ் – நான் கிளம்புகிறேன். (பதில்: ஒட்ஸுகரெஸம தெஷித)
நெட்ஸு க ஸன்ஜூ ஹசி தொ அரிமஸ். கியோ, யஸுமஸெதெ இததகெமஸென் க – காய்ச்சல் 38 இருக்கிறது. இன்று விடுப்பு தர முடியுமா?
யூக்யூ ஒ ட்ஸுகை தை தெஸ் – சம்பளத்தோடு கூடிய விடுப்பு எடுக்க விரும்புகிறேன்.
கொரெ வ நன் நொ ஒகனெ தெஸ் க – இது எதற்கான பணம்?
பஸுபோதொ வ ஜிபுன் தெ மொசிமஸ் – பாஸ்போர்ட்டை நானே வைத்துக்கொள்கிறேன்.

காய்ச்சலோடு வேலைக்குப் போய் உழைப்பாளி என்று பேர் வாங்க நினைக்காதீர்கள். முதியோர் இல்லத்தில் உங்கள் சளி அடுத்த அறையில் நிமோனியாவாக முடியும். ஷிஃப்ட் தொடங்கும் முன்பே போன் செய்யுங்கள், பெயரைச் சொல்லி, வெப்பநிலையைச் சொல்லி, பிறகு விடுப்பைக் கேளுங்கள். யூக்யூ ஜப்பானியத் தொழிலாளர் சட்டத்தில் உள்ளது: முழுநேர ஊழியர் தொடர்ந்து 6 மாதம் வேலை செய்து, 80 சதவீதம் வருகை இருந்தால் 10 நாள். வெளிநாட்டவருக்கும் அதே கணக்கு.

நான்காவது வரி சம்பளச் சீட்டுக்கு. முதல் மாதம் பிடித்தங்களைப் பார்த்து நெஞ்சு படபடக்கும். காப்பீடு, ஓய்வூதியம், வரி, வாடகை என்று வரிசையாக இருக்கும், பெரும்பாலும் நியாயமானவைதான், ஆனாலும் ஒவ்வொன்றிலும் விரலை வைத்து "கொரெ வ?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கேட்கும் தொனி மட்டும் தண்மையாக இருக்கட்டும். பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்" என்று யார் கேட்டாலும் ஐந்தாவது வரி. ஜைர்யூ காதொ என்ற வசிப்பு அட்டை கடைக்குப் போகும்போதும் பையில் இருக்க வேண்டும், அது சட்டம்.

திங்கள்கிழமை வகுப்புக்கு உரையாடல் 3 மனப்பாடமாக வேண்டும். விழுபவராக ஒருவர், ஓடி வருபவராக ஒருவர், ஆளை மாற்றி மாற்றி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.