அக்கா, தேர்வுக்குப் படிக்க உதவி வேண்டும்

அக்கா, வணக்கம். நல்லா இருக்கீங்களா? நீங்கள் உட்லண்ட்ஸுக்கு வீடு மாறிப் போன பிறகு நான் சரியாகப் பேசவே இல்லை, மன்னித்துவிடுங்கள். இப்போது ஒரு உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். எனக்குத் தேர்வு வருகிறது. படிக்க உதவி செய்வீர்களா?

எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை அக்கா. புத்தகத்தைத் திறந்தால் எல்லாமே முக்கியம் மாதிரி இருக்கிறது. நேற்று தெம்பனிஸ் நூலகத்துக்குப் போனேன். பத்து மணிக்குத் திறந்ததும் உள்ளே போயும் மேசை எல்லாம் நிரம்பிவிட்டது. கடைசியில் சன்னல் பக்கம் தரையில் உட்கார்ந்து, மஞ்சள் பேனாவால் நான்கு பக்கம் கோடு போட்டேன். திரும்பிப் பார்த்தால் கோடு போடாத வரியே இல்லை. மூடி வைத்துவிட்டு யோசித்தால் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை.

பிராஸ் பாசாவில் பழைய வினாத்தாள் தொகுப்பும் வாங்கி வந்தேன். இன்னும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்தால் பயம் வந்துவிடும் போலிருக்கிறது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கா, நம் புளோக்குக்குக் கீழே சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை? அங்கே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பீர்கள். நான் தப்பாகச் சொன்னால் உடனே திருத்த மாட்டீர்கள். “சரி, ஏன் அப்படி நினைச்சே?” என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்லும்போதே எங்கே தப்பு என்று எனக்கே புரிந்துவிடும். அப்புறம் டியூஷனுக்குப் போனேன், யாரும் அப்படிக் கேட்கவில்லை. முப்பது பேர் இருக்கும் வகுப்பில் கை தூக்கவும் கூச்சமாக இருக்கிறது.

அம்மாவுக்கு இந்த மாதம் இரவு வேலை. காலையில் களைத்து வந்து, “படிச்சியாப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறார். நானும் “படிச்சேன்மா” என்று சொல்லிவிடுகிறேன். அதுதான் மனதைப் போட்டு உறுத்துகிறது. அம்மாவிடம் உண்மையாகவே அப்படிச் சொல்ல வேண்டும்.

எதை முதலில் எடுப்பது, எதை விட்டாலும் பரவாயில்லை, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று ஒரு அட்டவணை மட்டும் போட்டுக் கொடுங்கள். அப்படியே பின்பற்றுவேன், சத்தியமாக. நீங்கள் இங்கே வந்து அலைய வேண்டாம். நானே 969 பேருந்தில் வந்துவிடுகிறேன், அது நேராக உட்லண்ட்ஸுக்கு வருகிறது. நீங்கள் வேலை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் போதும். பாப்பா தூங்கும் நேரம் என்றால் சொல்லுங்கள், மெதுவாகவே பேசுவேன். வர முடியாத நாளில் தொலைபேசியில் சொன்னாலும் சரி.

என்னென்ன எடுத்து வர வேண்டும், எப்போது வரலாம் என்று சொல்லுங்கள் அக்கா. மாமாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.