ஜூலை முதல் டிசம்பர் வரை: ஆட்டோமேஷன் தொழிற்பழகுநர்களுக்கு ஒரு கடிதம்

தஞ்சாவூர்
15.06.2026

பொருள்: ஆறு மாதப் பயிற்சித் திட்டம்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். ஜூலை 1 அன்று தொடங்கும் பயிற்சிக்கு உங்கள் 12 பேரையும் வரவேற்கிறோம். ஐடிஐ முடித்தவர்களும் டிப்ளமோ முடித்தவர்களும் கலந்து வருகிறீர்கள். எல்லோருக்கும் ஒரே பாதைதான். மன்னார்குடிப் பக்கம் நாம் வேலை செய்யும் நவீன அரிசி ஆலைகள்தான் உங்கள் வகுப்பறை. தை மாதம் சம்பா நெல் வந்து குவியும்போது தனியாக ஒரு ஷிப்டைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நீங்கள் தயாராக வேண்டும். அதற்காகவே ஜூலையில் தொடங்குகிறோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு மாதம் யாரும் லேப்டாப்பைத் தொடப் போவதில்லை. லைன் நின்றதும் ப்ரோகிராமைத் திறந்து பார்ப்பது நேரத்தைத் தின்னும் பழக்கம். நேற்று வரை ஓடிய ப்ரோகிராம் இன்று தானாக மாறியிருக்காது. தளர்ந்த டெர்மினல் ஸ்க்ரூ, தவிடு படிந்த சென்சார், எலி கடித்த கேபிள் என்று வெளியே இருப்பதுதான் மாறும். அதனால் மல்டிமீட்டரில் தொடங்கி ப்ரோகிராமுக்குப் போகிறோம்.

ஜூலை முழுக்க பேனல் வேலை. 415 வோல்ட் பவர் சர்க்யூட், 24 வோல்ட் டிசி கன்ட்ரோல் சர்க்யூட் இரண்டையும் தனித்தனியாக வரைந்து, பிறகு ஒயர் செய்வீர்கள். டிஓஎல் ஸ்டார்ட்டரை முடித்தபின் 10 எச்பி மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா. இதில் பலர் தவறும் இடம் ஓவர்லோடு ரிலே செட்டிங். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 14.5 ஆம்பியர் என்று இருந்தால் ரிலேயையும் 14.5-ல் வைத்துவிடுவார்கள். மெயின் கான்டாக்டருக்குக் கீழே, வைண்டிங் கரன்ட் போகும் வழியில் ரிலே இருந்தால் அதை 0.58-ஆல் பெருக்கி 8.4 ஆம்பியரில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் கருகும் வரை ரிலே பேசாமல் இருக்கும். ஸ்டார், டெல்டா கான்டாக்டர்கள் இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆகும். அதனால் ஒன்றின் 21-22 என்சி கான்டாக்ட் மற்றதன் காயில் வழியில் கட்டாயம் இருக்க வேண்டும். மெக்கானிக்கல் இன்டர்லாக் இருக்கிறதே என்று இதை விடக்கூடாது. ஒவ்வொரு மல்டிஸ்ட்ராண்ட் ஒயர் நுனியிலும் ஃபெரூல், ஒயர் நம்பர், கடைசியில் இழுத்துப் பார்க்கும் சோதனை. நம்பர் இல்லாத ஒயரோடு வரும் பேனலை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

ஆகஸ்டில் சென்சார். மூன்று ஒயர் சென்சாரில் பிரவுன் 24 வோல்ட், நீலம் 0 வோல்ட், கறுப்பு அவுட்புட் என்பது கண்ணை மூடினாலும் நினைவுக்கு வர வேண்டும். பிஎன்பி, என்பிஎன் வித்தியாசத்தை மீட்டர் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்: பிஎன்பி சென்சார் ஆன் ஆனால் கறுப்பில் 24 வோல்ட் வரும், என்பிஎன்னில் கறுப்பு 0 வோல்ட்டுக்கு இழுக்கப்படும். நெல் கொட்டி வைக்கும் தொட்டியான பின்னில் இருக்கும் கெபாசிட்டிவ் லெவல் சென்சாருக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். ஈர நெல்லின் தூசு அதன் முகத்தில் பூச்சாகப் படிந்ததும், பின் காலியாக இருந்தாலும் "நிறைந்தது" என்று சொல்லும். ஐப்பசி மழையில் இது அடிக்கடி வரும். முதலில் துடைக்க வேண்டும். பிறகு காலி பின்னில் அவுட்புட் அணைந்திருக்கும்படியும், நெல் மூடியதும் எரியும்படியும் சென்சிட்டிவிட்டி ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். துடைக்காமல் திருப்பினால் அடுத்த முறை உண்மையிலேயே நிறைந்த பின்னையும் அது காட்டாது, நெல் வழிந்து தரையில் கொட்டும்.

டிரையர் வெப்பத்துக்கு பிடி100. 0 டிகிரியில் 100 ஓம், 60 டிகிரியில் 123.24 ஓம். இரண்டு ஒயரில் நீளமான கேபிள் போட்டால், கேபிளின் ஒவ்வொரு ஓமும் ஏறக்குறைய இரண்டரை டிகிரி பிழையைச் சேர்க்கும். மூன்று ஒயர் கேட்பதற்குக் காரணம் அதுதான். 4-20 மில்லிஆம்பியர் லூப்பை 4, 8, 12, 16, 20 என ஐந்து இடத்திலும் சோதிப்போம். 0 வந்தால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது சப்ளை போயிருக்கிறது. சுழியம் தொடக்க அளவாக இல்லாததன் பயன் இங்கேதான் தெரியும்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் பிஎல்சி. சீமென்ஸின் TIA Portal மென்பொருளில், 1214C சிபியூவில் வேலை: 14 டிஜிட்டல் இன்புட், 10 டிஜிட்டல் அவுட்புட், இரண்டு அனலாக் இன்புட். அந்த அனலாக் இன்புட் 0-10 வோல்ட்டுக்கானது. 4-20 மில்லிஆம்பியருக்குத் தனி மாட்யூல் வேண்டும். முதல் வாரத்திலேயே நீங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஸ்டாப் பட்டன். ஒயர் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்பதால் ஸ்டாப்பை என்சி ஆகவே ஒயர் செய்கிறோம். அதனால் அழுத்தாதபோது இன்புட் 1. லேடரிலும் என்சி கான்டாக்ட் போட்டால் ஸ்டார்ட்டை அழுத்தினாலும் மோட்டார் ஓடாது. லேடரில் அங்கே என்ஓ வர வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பை பிஎல்சியை மட்டும் நம்பி விடுவதில்லை. அது சேஃப்டி ரிலே வழியாகக் கான்டாக்டர் சப்ளையையே வெட்ட வேண்டும்.

பிறகு முழு லைன். ஸ்டார்ட் செய்வது கடைசி மெஷினிலிருந்து முன்னோக்கி, நிறுத்துவது ஃபீடரிலிருந்து. பக்கெட் எலிவேட்டரின் பெல்ட் வழுக்கினால் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கான்டாக்டரின் 13-14-ஐ மட்டும் பார்த்தால் எல்லாம் சரி என்றுதான் காட்டும். கீழே எலிவேட்டரின் அடிப்பகுதியில் நெல் ஏறி அடைத்து, பக்கெட்டுகள் பிய்ந்த பிறகுதான் தெரியும். அதனால் எலிவேட்டரின் அடி ஷாஃப்டில் ஸ்பீடு சென்சார் வைத்து இப்படி எழுதுவோம்:

```
"Feeder" := "Start_OK" AND "Elev_Run" AND "Elev_Speed_OK" AND NOT "Bin_Full";
```

எலிவேட்டர் வேகம் பிடிக்கும் நேரத்தை டைமராகக் கொடுத்து, அது முடிந்த பிறகுதான் `Start_OK` வர வேண்டும்.

நவம்பர் விஎஃப்டியும் தகவல் தொடர்பும். அடுப்பு இழுப்பு விசிறியை வைத்துப் பழகுவோம். ஏறும் நேரம் குறைவாக இருந்தால் ஓவர்கரன்ட், இறங்கும் நேரம் குறைவாக இருந்தால் டிசி பஸ் ஓவர்வோல்டேஜ். கனமான விசிறியில் இரண்டாவதுதான் அடிக்கடி வரும். மோட்டாரை மெக்கர் செய்யும் முன் விஎஃப்டி பக்கத்து ஒயரைக் கழற்றியே ஆக வேண்டும். மறந்தால் 500 வோல்ட் நேராக டிரைவுக்குள் போகும். சப்ளையை அணைத்த உடனே டிரைவைத் திறக்காதீர்கள். கெபாசிட்டர் சார்ஜ் இறங்கும் வரை, டிரைவ் மூடியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குப்படி காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். மோட்பஸில் பேசவில்லை என்றால் பாட் ரேட், பாரிட்டி, ஸ்லேவ் ஐடி, ஏ-பி மாறியிருக்கிறதா, லைனின் இரு முனையிலும் 120 ஓம் இருக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். மேனுவலில் 40001 என்று இருப்பது பல மாஸ்டர்களில் 0 ஆகும். எச்எம்ஐ திரைகளுக்கு ஒரு வாரம் போதும்.

டிசம்பரில் ஆலையில் ஷிப்ட். தினம் ஒரு பழுதை நாங்கள் வேண்டுமென்றே வைப்போம். கண்டுபிடித்ததை விட, எந்த வரிசையில் தேடினீர்கள் என்று எழுதித் தருவதற்கே மதிப்பெண்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு கிடையாது. ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டும் அதற்கு ஒரே ஒரு சாவியும் தரப்படும். பூட்டி, டேக் மாட்டி, மீட்டரில் வோல்டேஜ் இல்லை என்று பார்த்த பிறகே வேலை. மீட்டர் வேலை செய்கிறதா என்பதை முன்னும் பின்னும் உயிருள்ள லைனில் பாருங்கள். நெல் பின்னுக்குள் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். அடியில் நெல் இறங்கத் தொடங்கினால் ஆள் மூழ்கிவிடுவார்.

முதல் நாள் காலை 8.30-க்கு வந்துவிடுங்கள். பாதுகாப்பு ஷூ, முழுக்கைப் பருத்திச் சட்டை, 100 பக்க நோட்டு ஒன்று, ஐடிஐ அல்லது டிப்ளமோ சான்றிதழ் நகல் இரண்டு. மோதிரம், கைச்சங்கிலி, தொங்கும் துப்பட்டா வேண்டாம். மல்டிமீட்டர், க்ரிம்பிங் கருவி, ஸ்க்ரூடிரைவர் செட் இங்கே தருகிறோம். வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்கும் இடம் பற்றி ஜூன் 24-க்குள் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பயிற்சி ஒருங்கிணைப்பாளர்